கேம் டெவலப்பர் பேட்டி: இருபத்து மூன்று கேள்விகள் எட்டான விதம்

பள்ளி இதழ்களில் வரும் கேம் டெவலப்பர் பேட்டிகளில் பெரும்பாலும் மூன்று கேள்விகள் தவறாமல் இருக்கும். இந்தத் துறைக்கு எப்படி வந்தீர்கள், என்ன படிக்க வேண்டும், மாணவர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள். இவை எந்தத் தொழில் செய்பவரிடமும் கேட்கக்கூடியவை. பதிலும் அப்படியே பொதுவாக வந்து விழும். கேள்வி எழுதியவர் அந்த கேமை விளையாடாமல் எழுதியிருக்கிறார் என்பதுதான் காரணம். கையில் நோட்டுடன் ஒரு மணி நேரம் விளையாடினால் கேட்க வேண்டியது தானாகக் கிடைக்கும். அந்தக் குறிப்பைக் கேள்வியாக மாற்றுவதில்தான் வேலை இருக்கிறது.

இங்கே எடுத்துக்கொண்ட நிலவரம் இது. இரண்டு பேர் சேர்ந்து செய்த, பள்ளங்களைக் குதித்துத் தாண்டும் மொபைல் கேம். பேட்டி தரப்போகிறவர் அதன் கோடை எழுதியவர், லெவல்களை அமைத்தவரும் அவரே. தொலைபேசியில் 30 நிமிடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இதழில் படங்களோடு சேர்த்து இரண்டு பக்கம்.

முதலில் கணக்கு

ஏ4 அளவில் இரண்டு பக்கம், மூன்று படம், ஒரு பெரிய தலைப்பு போக 700 சொல் அளவுக்குத்தான் இடம் இருக்கும். நிதானமாகப் பேசுபவர் நிமிடத்துக்கு நூறு சொல் பேசுகிறார் என்று வைத்துக்கொண்டால், வணக்கம் சொல்லும் நேரம், கேள்வி கேட்கும் நேரம் போக 25 நிமிடத்தில் 2500 சொல் வந்துவிடும். மூன்றில் ஒரு பங்குகூட அச்சேறாது. ஒரு நல்ல பதிலுக்குக் குறைந்தது மூன்று நிமிடம் விடவேண்டும் என்றால் எட்டுக் கேள்விதான் அடங்கும். ஆளுக்கு நாலு கேள்வி என்று வகுப்பில் ஐந்தாறு பேரிடம் வசூலித்தாலே இருபதுக்கு மேல் சேர்ந்துவிடும். அத்தனையையும் கேட்க முயன்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம்தான் மிஞ்சும். ஒரு நிமிடத்தில் யாரும் பொதுவான வாக்கியத்தைத் தவிர வேறெதுவும் சொல்ல மாட்டார்கள்.

ஆகவே 23 கேள்விகளோடு தொடங்கிய பட்டியல் எட்டில் நிற்க வேண்டும். முதல் வெட்டு எளிது. கேம் எப்போது வெளியானது, எந்தெந்தக் கருவிகளில் ஓடும், விருது ஏதாவது வாங்கியதா என்பதெல்லாம் கேம் விற்கும் பக்கத்திலேயே இருக்கும். எந்த இன்ஜினில், அதாவது கேம் செய்யும் எந்த மென்பொருளில், செய்தார்கள் என்பது பல கேம்களில் தொடங்கும்போதே திரையில் வந்துபோகும். இவற்றை முன்கூட்டியே குறித்து ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டுவிடலாம். 23இல் ஆறேழு கேள்விகள் இந்த ஒரே வெட்டில் போய்விடும்.

அடுத்தது ஆள் பார்த்து வெட்டுவது. கேம் என்பது ஒரே வேலை இல்லை. கோட் எழுதுபவர், படம் வரைபவர், விதிகளையும் லெவல்களையும் அமைப்பவர், இசை செய்பவர், கதை எழுதுபவர் எல்லோரும் வேறு வேறு ஆட்களாக இருக்கலாம். கேமின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலைப் பார்த்து, நம் விருந்தினர் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். 2023இல் டொரண்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட ‘வெண்பா’வை எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் சமையலறையில் நடக்கும் கேம் அது. அதில் வரும் பாட்டுகள் பல காலகட்டத்துத் தமிழ்த் திரையிசையின் சாயலில் அமைந்தவை. ஏன் அந்தச் சாயல் என்று கோட் எழுதியவரிடம் கேட்டால், “அதை இசை செய்தவரிடம்தான் கேட்கணும்” என்பதோடு முடிந்துவிடும். ‘சமைத்துக்கொண்டிருக்கும்போது பாட்டு முடிந்துவிட்டால் என்ன ஆக வேண்டும் என்று எப்படித் தீர்மானித்தீர்கள்?’ என்று கேட்டால் அது அவருடைய மேசைக்கு உரிய கேள்வி. பொருள் பாட்டுதான், ஆள் மட்டும் சரியாகிவிட்டது.

நோட்டோடு விளையாடுவது

நோட்டில் மூன்று பத்தி போதும். எந்த லெவல், எத்தனையாவது நிமிடம் என்பது ஒன்று. என்ன நடந்தது என்பது இரண்டு. அதைப் பார்த்ததும் மனதில் என்ன தோன்றியது என்பது மூன்று. இரண்டு பேர் சேர்ந்து செய்வது நல்லது. ஒருவர் விளையாட, மற்றவர் எழுத வேண்டும். விளையாடுபவரே எழுதினால் கேம் சுவாரசியமாகும் இடத்தில், அதாவது குறிப்பு எடுக்க வேண்டிய இடத்திலேயே, நோட்டு வெறுமையாக இருக்கும்.

என்னத்தைக் குறிப்பது? நன்றாக இருந்தது, கிராபிக்ஸ் அருமை என்பவை குறிப்பு ஆகாது. நின்ற இடம், தடுமாறிய இடம், எதிர்பார்த்தது நடக்காத இடம், எதிர்பார்க்காதது நடந்த இடம் ஆகியவைதான் வேண்டும். நம் குதிக்கும் கேமில் இப்படி ஒரு குறிப்பு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம்:

‘லெவல் 2, 3:40. பலகையின் விளிம்பைத் தாண்டிய பிறகுதான் பொத்தானை அழுத்தினேன். விழ வேண்டியது. ஆனால் குதித்துவிட்டது. தற்செயலா?’

தற்செயலா என்பதை அங்கேயே சோதித்துவிடலாம். அதே இடத்தில் பத்து முறை, வேண்டுமென்றே சற்றுத் தாமதமாக அழுத்திப் பாருங்கள். பத்தில் ஏழெட்டு முறை குதித்தால் அது யாரோ திட்டமிட்டு வைத்தது. இன்னும் நிச்சயம் வேண்டுமானால் இன்னொரு போனின் ஸ்லோமோஷன் வீடியோவில், விரலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி எடுங்கள். நொடிக்கு 240 படம் பதியும் போனில், பாத்திரம் விளிம்பைத் தாண்டிய படத்திலிருந்து விரல் திரையைத் தொட்ட படம் வரை எண்ணினால் 24 படம் வருகிறதென்றால், அது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. இந்த எண்ணை அப்படியே அச்சில் போட வேண்டாம். திரை காட்டுவது எப்போதும் உள்ளே நடப்பதைவிடக் கொஞ்சம் பின்தங்கித்தான் இருக்கும். கேள்வி கேட்க மட்டும் இது போதும்.

இந்த உத்திக்குத் தொழிலில் கயோட்டி டைம் என்று பெயர். கார்ட்டூனில் மலையுச்சியைத் தாண்டி ஓடி, ஒரு கணம் காற்றில் நின்று, பிறகு விழும் ஓநாய் போன்ற விலங்கிலிருந்து வந்த பெயர். 2018இல் வெளியான ‘செலஸ்ட்’ கேமில் இது இருப்பது ஊரறிந்தது. பாத்திரத்தின் அசைவுக்கான கோடை அதை உருவாக்கியவர்களே பொதுவில் வைத்திருக்கிறார்கள். அதில் இந்த வரி இருக்கிறது:

```
private const float JumpGraceTime = 0.1f;
```

தரையை விட்ட பிறகும் 0.1 நொடி வரை, அதாவது நொடிக்கு 60 படம் ஓடும்போது ஆறு படம் வரை, குதிக்க அனுமதி உண்டு என்பது இதன் பொருள். விளையாடுபவர் நியாயமாகத்தான் அழுத்தினோம் என்று நம்பும் இடத்தில் கேம் அவர் பக்கம் நிற்கிறது. இதைத் தெரிந்துகொண்டு போவது டெவலப்பரிடம் நம் அறிவைக் காட்டுவதற்கு அல்ல. அவர் பதிலில் இந்தச் சொல் வந்தால் விழிக்காமல் அடுத்த கேள்விக்குப் போகத்தான்.

குறிப்பு கேள்வியாவது

இதே குறிப்பு மூன்று வரைவுகளைக் கடக்க வேண்டியிருந்தது. முதல் வரைவு: ‘கேமில் குதிப்பதை எப்படி உருவாக்கினீர்கள்?’ இது மிக அகலம். எங்கே தொடங்குவது என்று தெரியாமல், இன்ஜினில் ஏற்கெனவே வசதி இருக்கிறது என்று சொல்லி முடிப்பார். இரண்டாவது வரைவு: ‘தாமதமாக அழுத்தினாலும் குதிக்கும்படி வைத்திருக்கிறீர்களா?’ இதற்கு ஆமாம் என்று ஒரே சொல்லில் பதில் வரும். மூன்றாவது: ‘விளிம்பைத் தாண்டிய பிறகு அழுத்தினாலும் உங்கள் பாத்திரம் குதிக்கிறது. அந்த அவகாசம் எவ்வளவு இருக்கலாம் என்று எப்படி முடிவுக்கு வந்தீர்கள்?’

மூன்றாவதில் நாம் பார்த்தது முதல் வாக்கியத்திலேயே இருக்கிறது. கேட்பதோ ஒரு முடிவைப் பற்றி. முடிவு என்றால் அதற்கு முன்னால் ஒரு முயற்சி, ஒரு தவறு, யாரோ ஒருவர் விளையாடிப் பார்த்த மாலை என்று ஏதாவது இருந்தே தீரும். அதைத்தான் வாசகர் படிக்க விரும்புகிறார். ‘அவகாசத்தை அதிகமாக வைத்தபோது என்ன கெட்டது?’ என்பதும் நல்ல கேள்விதான். ஆனால் அதை இதோடு ஒட்டிக் கேட்கக் கூடாது. இரண்டு கேள்வியைச் சேர்த்துக் கேட்டால் மனிதர்கள் எளிதானதற்கு மட்டும் பதில் சொல்வார்கள், மற்றது மறந்துபோகும். அதைத் தாளின் வலது ஓரத்தில் துணைக்கேள்வியாகக் குறித்துவைத்து, பதில் முடிந்த பிறகு கேட்க வேண்டும்.

கேம் வேறு வகை என்றால் நோட்டு வேறு இடத்தில் நிற்கும். ‘வெண்பா’வில் குதிப்பது கிடையாது. அம்மா எழுதிய சமையல் குறிப்புப் புத்தகம் சேதமாகியிருக்கிறது. முதல் பலகாரமான இட்லியில் தொடங்கி, விடுபட்ட படியை விளையாடுபவர்தான் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். தவறாகச் செய்தால் மறுபடி முயலலாம். இட்லிப் பானையைத் தினமும் பார்க்கும் வீட்டுப் பிள்ளைக்கும் அதைப் பார்த்தே இராத ஒருவருக்கும் இந்தப் புதிர் ஒன்றாக இருக்க முடியாது. ஆகவே அங்கே கேட்க வேண்டியது: ‘இட்லியே சாப்பிடாதவர்கள் விளையாடிப் பார்த்தபோது எந்தப் படியில் நின்றார்கள்?’ துணைக்கேள்வி: ‘அதைப் பார்த்து எந்தக் குறிப்பைச் சேர்த்தீர்கள்?’ வேறு எந்த கேமுக்கும் பொருந்தாத கேள்வி இது.

தேர்வுத் தாள் தமிழ்

தமிழில் எழுதும் மாணவர் பட்டியல்களில் தவறாமல் வரும் ஒரு கோளாறு இருக்கிறது. ‘கேம் உருவாக்கத்தின்போது தாங்கள் எதிர்கொண்ட சவால்கள் யாவை?’ இது வினாத்தாளின் நடை. யாவை என்று கேட்டால் எதிரில் இருப்பவரும் ஐந்து மதிப்பெண் விடை போல வரிசைப்படுத்துவார்: நேரமின்மை, பணமின்மை, தொழில்நுட்பச் சிக்கல். மூன்றும் உண்மைதான், மூன்றிலும் எதுவும் இல்லை. வாயால் கேட்கப்போகிற கேள்வியை வாய்மொழியிலேயே எழுதிவைக்க வேண்டும். ‘எந்த இடத்துல ரொம்ப நாள் மாட்டிக்கிட்டீங்க?’ என்று கேட்டால் பதிலும் ஓர் இடத்தில், ஒரு நாளில், ஒரு பிழையில் வந்து நிற்கும். அச்சுக்குத் தரும்போது எழுத்துநடைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

சோதிக்க எளிய வழி, கேள்வியைச் சத்தமாகப் படிப்பது. ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை என்றால் நீளம் அதிகம்.

பிழையைப் பற்றிய கேள்வியில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பேட்டியின் சிறந்த பகுதி பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். ஒரு பக் பற்றிச் சொல்லத் தொடங்கினால் துணைக்கேள்விகள் மூன்று: முதலில் யார் கவனித்தது, மறுபடி அதை வரவழைக்க என்ன செய்தீர்கள், கடைசியில் காரணம் என்ன. நடுவில் இருப்பதை மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள். ஒரு பிழையை விரும்பும்போது வரவழைக்க முடிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பது கோட் எழுதும் எல்லோருக்கும் தெரியும். அங்கேதான் துப்பறிவது போன்ற வேலை நடக்கிறது. உதாரணமாக, சிலருடைய போனில் மட்டும் பாத்திரம் இரட்டிப்பு வேகத்தில் ஓடுகிறது என்று புகார் வருகிறது. ஒவ்வொரு படத்துக்கும் நான்கு புள்ளி நகர வேண்டும் என்று கோடில் எழுதியிருப்பார். நொடிக்கு 60 படம் காட்டும் திரையில் அது 240 புள்ளி, 120 படம் காட்டும் புதுத் திரையில் 480 புள்ளி. டெவலப்பரிடம் பழைய போன் மட்டும் இருந்தால் அவர் மேசையில் இந்தப் பிழை ஒருபோதும் வராது. இப்படி ஒரு பதில் வந்தால் ஆறாம் வகுப்பு வாசகருக்கும் புரியும்படி எழுத, ‘எந்தெந்த போனில் வந்தது?’ என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கேட்கக் கூடாதவை, மாற்றிக் கேட்க வேண்டியவை

அடுத்து என்ன கேம் வரப்போகிறது என்ற கேள்வி பல நேரம் சுவரில் மோதும். இன்னும் அறிவிக்காத கேமைப் பற்றிப் பேசக் கூடாது என்று வெளியீட்டாளரோடு ஒப்பந்தம் இருக்கலாம். நீண்ட மௌனமோ, “அதை இப்ப சொல்ல முடியாது” என்ற பதிலோ வந்தால் துருவ வேண்டாம். பேச்சு அதன் பிறகு இறுகிவிடும். பேட்டி கேட்டு அனுப்பும் கடிதத்திலேயே ‘வெளியான கேமைப் பற்றி மட்டும் கேட்போம்’ என்று எழுதிவிட்டால் அவரும் தளர்ந்து பேசுவார்.

வருமானக் கேள்வியை அப்படியே எறிந்துவிட வேண்டியதில்லை. எவ்வளவு சம்பாதித்தீர்கள் என்பது விருந்தினரைச் சங்கடப்படுத்தும். ஆனால் இந்தத் துறைக்குப் போக நினைக்கும் மாணவருக்கும் அவர் வீட்டாருக்கும் உண்மையாகவே தெரிய வேண்டிய விஷயம் அதற்குள் இருக்கிறது. ‘கேம் வெளியாகும் வரை வேற வேலையும் பாத்தீங்களா?’ என்று கேட்டால் அதே விஷயம் மரியாதையாக வந்துவிடும்.

அறிவுரைக் கேள்வியும் அப்படித்தான். விடாமுயற்சி வேண்டும் என்ற பதிலுக்காக மூன்று நிமிடத்தைச் செலவழிக்கக் கூடாது. அளவு குறித்துக் கேளுங்கள். மாணவர்கள் கட்டைகளை அடுக்கிக் கோட் எழுதும் ஸ்க்ராட்ச் என்ற கருவியை வைத்து இப்படி: ‘ஸ்க்ராட்ச் மட்டும் தெரிஞ்ச ஒம்பதாம் வகுப்புப் பொண்ணு ரெண்டு சனிக்கிழமையில முடிக்கணும்னா எந்த கேமைச் செய்யச் சொல்வீங்க?’ ஓரத்தில்: ‘அதுல எதைச் சேர்க்கவே கூடாது?’ இந்தத் துணைக்கேள்விக்கு வரும் பதில்தான் வாசகர் வெட்டி ஒட்டி வைத்துக்கொள்வது.

ஒத்திகை

பட்டியல் பத்துக்கு வந்ததும், ஸ்க்ராட்சில் ஏதாவது கேம் செய்திருக்கிற ஒரு மாணவரை எதிரில் உட்காரவைத்துக் கேட்டுப் பாருங்கள். கையில் கடிகாரம் இருக்கட்டும். பதில் இருபது நொடிக்குள் முடிந்தால் கேள்வி மூடிக்கிடக்கிறது, திருத்த வேண்டும். “என்ன கேக்குற?” என்று அவர் திருப்பிக் கேட்டால் கேள்வி மங்கலாக இருக்கிறது. இரண்டு கேள்விக்கு ஒரே பதில் வந்தால் ஒன்றை எடுத்துவிடலாம். பத்து, எட்டாகக் குறைவது இங்கேதான்.

எட்டில் இரண்டை மட்டும் மூன்று நாள் முன்னதாக அனுப்ப வேண்டும்: பக் பற்றியதும், முதல் புரோட்டோடைப், அதாவது சோதித்துப் பார்க்க முதலில் செய்த வடிவம், பற்றியதும். இரண்டும் நினைவிலிருந்து தோண்டி எடுக்க வேண்டியவை. திடீரென்று கேட்டால் “நிறைய இருந்தது, இப்ப ஞாபகம் வரல” என்பார். எட்டையும் அனுப்பிவிட்டால் அவர் எழுதிவைத்துப் படிப்பார், பேச்சின் உயிர் போய்விடும்.

கடைசியில் தாளில் நின்ற வரிசை:

1. முதல் லெவல்ல ‘இதை அழுத்து’ன்னு எழுத்தே வரல. ஆனா மூணாவது பள்ளம் வர்றதுக்குள்ள குதிக்கக் கத்துக்கிட்டேன். அந்த லெவலை எப்படி அமைச்சீங்க?
2. விளிம்பைத் தாண்டின பிறகு அழுத்தினாலும் குதிக்குது. அந்த அவகாசம் எவ்வளவுன்னு எப்படி முடிவு பண்ணீங்க?
3. வெளியாள் முதல்முறையா விளையாடுறதை நீங்க பக்கத்துல இருந்து பாத்தப்ப, அவங்க எங்க நின்னாங்க?
4. எந்த பக்ல ரொம்ப நாள் மாட்டிக்கிட்டீங்க?
5. முதல் புரோட்டோடைப்ல இருந்து, இப்ப கேம்ல இல்லாதது எது?
6. நீங்களும் உங்க கூட்டாளியும் ஒத்துப்போகாத ஒரு இடம் எது?
7. கேம் வெளியாகும் வரை வேற வேலையும் பாத்தீங்களா?
8. அந்த ரெண்டு சனிக்கிழமைக் கேள்வி.

முதல் இரண்டும் திரையில் பார்த்தவை. தன் கேமை இவர்கள் உண்மையாகவே விளையாடியிருக்கிறார்கள் என்று அவருக்கு முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும், அதன் பிறகு வரும் கேள்விகளுக்குப் பதில் விரியும். ஆறும் ஏழும் கொஞ்சம் தனிப்பட்டவை என்பதால் பின்னால் நிற்கின்றன. ஏழு மட்டும் ஒரு சொல்லில் முடியக்கூடியது. ஓரத்தில் ‘நாள் முழுக்க எப்படிப் பிரிச்சீங்க?’ என்று எழுதிவைத்தால் அந்தக் குறை தீரும். மூன்றுக்குப் பதில் சொல்லும்போதே நான்கின் கதையும் வந்துவிட்டால் நான்கை அடித்துவிட வேண்டும். வரிசைப்படி மறுபடியும் கேட்டால், நாம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்று அவருக்குத் தோன்றும்.

ஐந்தாவது கேள்வியோடு ஒரு படமும் கேட்க வேண்டும்: புரோட்டோடைப்பின் ஸ்கிரீன்ஷாட். இரண்டு பக்கத்தில் வாசகர் கண் முதலில் போவது பழைய படமும் புதிய படமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இடத்துக்குத்தான். ‘செலஸ்ட்’டின் முதல் வடிவத்தை மேடி தோர்சனும் நோயல் பெரியும் 2015இல் நான்கே நாளில், பிக்கோ-8 என்ற கருவியில் செய்தார்கள். அதன் திரை 128க்கு 128 புள்ளி, 16 நிறம், அவ்வளவுதான். இப்படி ஒரு படம் கிடைத்தால் அச்சில் ஒரு சிக்கல் உண்டு. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுக் கணக்கில் 128 புள்ளி ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். வடிவமைப்பவர் சாதாரணமாக இழுத்துப் பெரிதாக்கினால் ஓரங்கள் மங்கிப்போகும். படத்தைப் பெரிதாக்கும் இடத்தில் `Nearest Neighbor` என்பதைத் தேர்ந்து, சரியாக எட்டு மடங்கு, அதாவது 1024 புள்ளி ஆக்கினால் 8.7 செ.மீ. அகலத்தில் ஒவ்வொரு சதுரமும் கூர்மையாக அச்சாகும். புதிய கேமின் 1920க்கு 1080 ஸ்கிரீன்ஷாட் அதே கணக்கில் 16 செ.மீ. அகலம் வரை தாங்கும். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். இதழில் போட அவருடைய சம்மதத்தையும் அதே செய்தியில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.